ஒடியும் சாக்லேட், எழும் கோக்கோத் தூள்: ஒரு தீபாவளி விளம்பரப் படத்தின் நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரில் இனிப்பு வகைகள் செய்து விற்கும் ஒரு நிறுவனம், தீபாவளிக்காக 70 விழுக்காடு கோக்கோ உள்ள கறுப்புச் சாக்லேட் கட்டி ஒன்றைக் கொண்டுவந்தது. ரயில் நிலையச் சுவரொட்டிக்கும் கடை வாசல் பதாகைக்கும் ஒரே படம் போதும் என்றார்கள். கேட்டது மூன்று. கட்டி நடுவில் படக்கென்று ஒடிய வேண்டும். ஒடிந்த இடத்திலிருந்து கோக்கோத் தூள் எழ வேண்டும். மேற்பரப்பு பளபளவென்றும் விளிம்புகள் கூராகவும் தெரிய வேண்டும்.

மூன்றும் எளிய ஆசைகள்தான். ஆனால் ஒன்றுக்கொன்று பகை. தூள் பளபளப்பின் மேல் விழுந்தால் அந்த இடம் சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கிவிடும். ஒடிக்கும் கை பட்டால் கைரேகை விழும். நன்றாக ஒடியட்டும் என்று கட்டியைக் குளிரவைத்தால் வேர்த்துப்போகும். அதனால் இந்த வேலையில் கேமராவைவிட வரிசைமுறையும் அறையின் ஈரமும்தான் படத்தைத் தீர்மானித்தன. எதை எப்போது எடுத்தார்கள், ஏன் அப்படி எடுத்தார்கள் என்பதே இங்கே விவரமாகச் சொல்லப்படுகிறது.

முதல் நாள் ஏன் வீணானது

தாய் செங் பக்கம் தொழிற்பேட்டைக் கட்டடம் ஒன்றின் நான்காம் மாடியில் படப்பிடிப்புக் கூடம். கடையில் விற்கும் கட்டிகளே முதல் நாளுக்கு வந்திருந்தன. குளிர்ந்த சாக்லேட் நன்றாக ஒடியும் என்ற நினைப்பில் அவற்றைச் சாதாரணக் குளிர்பதனப் பெட்டியில், சுமார் 5 டிகிரியில் வைத்துவிட்டார்கள். வெளியே எடுத்து மேசையில் வைத்த இரண்டாவது நிமிடத்தில் மேற்பரப்பில் மெல்லிய மூச்சுப்படலம் போல ஒன்று படர்ந்தது. துணியால் ஒற்றியெடுத்ததும் கோடுகள் விழுந்தன. துடைக்காமல் காயவிட்ட கட்டிகளில் அரை மணி நேரத்தில் சாம்பல் பூத்தது. ஒடித்தபோது சத்தம் கேட்டது, ஆனால் ஓரங்கள் சில்லுச் சில்லாகச் சிதறின.

நடந்தது இதுதான். காற்றில் உள்ள ஈரம் எந்த வெப்பநிலையில் தண்ணீராகப் படியத் தொடங்குமோ அதைப் பனிநிலை என்கிறோம். பொருளின் மேற்பரப்பு அதைவிடக் குளிராக இருந்தால் அதன்மேல் தண்ணீர் படியும். ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும்போது ஓர் எளிய கணக்கு கைகொடுக்கும்: நூறிலிருந்து ஈரப்பதத்தைக் கழித்து ஐந்தால் வகுத்து, வரும் எண்ணை அறை வெப்பநிலையிலிருந்து கழித்தால் பனிநிலை கிட்டத்தட்டக் கிடைத்துவிடும். அன்று கூடத்தில் 23 டிகிரி, ஈரப்பதம் 60. ஆக, பனிநிலை 15 டிகிரி. அதற்குள் 5 டிகிரிக் கட்டி வந்தால் வேர்க்காமல் என்ன செய்யும்? வெளியே பிற்பகலில் 32 டிகிரி, 65 விழுக்காடு என்றால் பனிநிலை 25. கூடத்தின் கதவைத் திறந்து வைத்தாலே அந்தக் காற்றில் கொஞ்சம் உள்ளே வந்துவிடும். சாமான் தூக்கும் லிஃப்டுக்கும் கூடத்துக்கும் இடையில் ஆட்கள் போய்வந்துகொண்டே இருந்ததும் அன்றைய நிலையை மோசமாக்கியது.

படிந்த தண்ணீர் மேற்பரப்பிலுள்ள சர்க்கரையைக் கரைக்கிறது. தண்ணீர் காய்ந்ததும் சர்க்கரை பொடிப்படிகங்களாக நின்றுவிடுகிறது. அதுவே அந்தச் சாம்பல், சர்க்கரைப் பூப்பு. கொழுப்பு மேலே வந்து வெளுப்பது வேறு நோய். இரண்டையும் விரலால் பிரித்தறியலாம். லேசாகத் தேய்த்தால் கொழுப்புப் பூப்பு வழுக்கிக்கொண்டு உருகி மறையும். சர்க்கரைப் பூப்பு சொரசொரப்பாகவே இருக்கும், ஈர விரல் பட்டால் கரைந்து பிசுபிசுக்கும். இதைத் தெரிந்துகொள்ள வேண்டியதன் காரணம், தவறு எங்கே என்று அதுவே சொல்லிவிடும் என்பதுதான். கொழுப்புப் பூப்பு என்றால் சாக்லேட் செய்த முறையையோ அது எங்கேனும் சூடுபட்டதையோ பார்க்க வேண்டும். சர்க்கரைப் பூப்பு என்றால் அறையைப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் தடவைக்கு வைன் வைக்கும் குளிர்ப்பெட்டி ஒன்று வாடகைக்கு வந்தது. அது 17 டிகிரியில் ஓடியது. கூடத்தில் குளிர்சாதனத்தோடு ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்றும் முந்தைய இரவிலிருந்தே ஓடியது. காலையில் அளவு 22 டிகிரி, 55 விழுக்காடு, அதாவது பனிநிலை 13. கட்டிக்கும் பனிநிலைக்கும் நடுவே நான்கு டிகிரி இடைவெளி. அதன்பிறகு ஒரு கட்டிகூட வேர்க்கவில்லை. இடைவெளி மூன்று டிகிரிக்குக் கீழே இறங்கினால் பெட்டியைத் திறக்கக்கூடாது என்று பேசிவைத்துக்கொண்டார்கள். உணவு அலங்காரம் செய்தவர் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம், "தம்பி, மீட்டரப் பாத்துட்டு அப்புறம் பெட்டியத் தொடு."

கட்டியைப் புதிதாக வார்த்தது

கடையிலிருந்து வந்த கட்டிகளில் இன்னொரு குறையும் இருந்தது. உறைக்குள் உரசி உரசி எல்லாவற்றிலும் நுண்கீறல். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஒளி சாய்வாக விழும்போது வலை விரித்ததுபோல் தெரியும். அதனால் நிறுவனத்தின் சமையற்கூடத்திலேயே, விற்கும் அதே சாக்லேட்டை அதே அச்சில் 24 கட்டிகளாகப் படத்துக்கென்றே வார்த்தார்கள். ஒவ்வொன்றும் 100 கிராம், 160 மில்லிமீட்டர் நீளம், 75 அகலம், 10 தடிப்பு. வேறு எதையோ சாக்லேட் என்று காட்டாமல், வாங்குபவர் கையில் கிடைக்கப்போவதையே காட்ட வேண்டும் என்பதும் இதற்கு ஒரு காரணம். சிங்கப்பூரின் விளம்பர நெறிமுறைக் கோவையும் விளம்பரம் தவறான எண்ணத்தை உண்டாக்கக்கூடாது என்றே சொல்கிறது.

பளபளப்பு, ஒடியும் சத்தம், கூரான விளிம்பு மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். கோக்கோ வெண்ணெய் ஆறு விதமான படிகங்களாக உறையக்கூடியது. அவற்றில் ஐந்தாவது வகைதான் நமக்கு வேண்டும். அது சுமார் 34 டிகிரியில் உருகும், கெட்டியாக அடுக்கிக்கொள்ளும், உறையும்போது சுருங்கி அச்சைவிட்டுத் தானே கழன்றுவரும். அதைவிடக் கீழான வகைகள் கலந்துவிட்டால் கட்டி மங்கலாக இருக்கும், கையில் வளையும், அச்சில் ஒட்டிக்கொள்ளும். ஐந்தாம் வகையை வரவழைக்கச் சூட்டை ஏற்றி இறக்கிப் பக்குவப்படுத்துவதைத்தான் சாக்லேட் செய்பவர்கள் டெம்பரிங் என்கிறார்கள்.

இங்கே செய்தது விதை முறை. இரண்டேகால் கிலோ சாக்லேட்டை 48 டிகிரி வரை உருக்கினார்கள். பழைய படிகம் எதுவும் மிச்சமிருக்கக்கூடாது என்பதற்காகத்தான் அந்தச் சூடு. பிறகு முக்கால் கிலோ, ஏற்கெனவே பக்குவமான சாக்லேட்டைப் பொடியாக நறுக்கிச் சிறிது சிறிதாகப் போட்டுக் கிளறி 32 டிகிரிக்கு இறக்கினார்கள். கரையாமல் நின்ற துண்டுகளை எடுத்துவிட்டார்கள். பிறகு கத்தி முனையில் சோதனை. முனையில் தோய்த்ததை 20 டிகிரி அறையில் வைத்தால் ஐந்து நிமிடத்துக்குள் ஒரே சீராக, பட்டுத்துணி போன்ற மினுக்கத்துடன் இறுக வேண்டும். முதல் தடவை கோடு கோடாக இறுகியது. இன்னும் இரண்டு நிமிடம் கிளறியபின் சரியானது.

மேற்பரப்பின் பளபளப்பு உண்மையில் அச்சின் பளபளப்பே. சாக்லேட் அதைப் பிரதியெடுக்கிறது, அவ்வளவுதான். ஆகவே பாலிகார்பனேட் அச்சைப் பஞ்சால் வட்டம் வட்டமாகத் துடைத்து, பழைய கோக்கோ வெண்ணெய்த் தடம் எதுவும் இல்லாமல் செய்து, 25 டிகிரிக்கு லேசாக வெதுவெதுப்பாக்கினார்கள். விளிம்பு கூராக வருவதற்கு இன்னொரு வேலை: ஊற்றுவதற்கு முன் மெல்லிய தூரிகையால் மூலைகளிலும் பள்ளக்கோடுகளிலும் ஒரு பூச்சு. பக்குவமான சாக்லேட் கொஞ்சம் கெட்டியானது, மூலையில் காற்றை அடைத்துக்கொண்டு நின்றுவிடும். அந்தக் காற்றுக்குமிழிதான் பிறகு உடைந்த விளிம்பாகத் தெரிகிறது. தூரிகை வைக்காமல் வார்த்த முதல் நான்கில் மூன்றுக்கு மூலை மழுங்கியிருந்தது. அவற்றை உருக்கி மறுபடி வார்த்தார்கள்.

ஊற்றிய அச்சை ஒரு நிமிடம் மேசையில் தட்டி, 14 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தார்கள். அச்சைத் திருப்பி அடியிலிருந்து பார்த்தால், கழன்ற இடம் வெள்ளி பூசியதுபோல் தெரியும், ஒட்டிய இடம் கறுப்பாக ஈரமாகத் தெரியும். பாதி கழன்ற நிலையில் பொறுமையிழந்து தட்டினால் அந்த எல்லைக்கோடு பளபளப்பின் நடுவே வரைபடம்போல் நிரந்தரமாகப் பதிந்துவிடும். முழுக்க வெள்ளியாகும் வரை காத்திருக்க வேண்டும். கழற்றிய கட்டிகளை 18 டிகிரியில் இரண்டு நாள் வைத்த பிறகே படப்பிடிப்புக்கு எடுத்துச் சென்றார்கள். படிகங்கள் இறுகுவதற்கு அந்த நேரம் தேவை. முதல் நாள் வளைந்த கட்டி மூன்றாம் நாள் ஒடியும்.

எந்தப் பக்கம் வளைத்து ஒடிப்பது

கட்டியைக் கையில் பிடித்து நேரடியாக ஒடித்து, அந்தச் சத்தத்தைக் கேட்டு ஃபிளாஷ் அடிக்கும் ஒலிக்கருவியை வைத்துத்தான் முதலில் முயன்றார்கள். கேமரா பித்தான் அழுத்தியபின் திறப்பதற்குச் சில பத்து மில்லிநொடிகள் எடுக்கும். அதனால் இருட்டில் ஷட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு ஃபிளாஷை மட்டும் ஒலிக்கு இணைப்பதே முறை. ஒலி ஒரு மில்லிநொடியில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். மைக்கைத் தள்ளி வைத்தால் தாமதம் கூடும், அருகில் வைத்தால் குறையும். கருவி பிழையில்லாமல் வேலை செய்தது. படம்தான் வரவில்லை. கை வளைக்கும்போது இரண்டு பாதிகளும் திரும்பி, ஒடிந்த முகம் கேமராவுக்கு மறைந்துபோனது. விரல்கள் பளபளப்பை மறைத்தன. ஆறு கட்டிகள் செலவானபின் அந்த வழியைக் கைவிட்டார்கள். சலனப்படத்துக்கு அது பொருந்தும். இந்தச் சுவரொட்டிக்குப் பொருந்தவில்லை.

முடிவாகச் செய்தது, தனியே ஒடித்த பாதிகளைக் கம்பியில் நிறுத்தி எடுப்பது. அப்படியென்றால் ஒடிப்பதை நிதானமாக, நல்ல முகம் கிடைக்கும்வரை செய்யலாம். இங்கேதான் திசை முக்கியம். எந்தப் பொருளையும் வளைத்து ஒடிக்கும்போது ஒரு பக்கம் இழுபடும், மறுபக்கம் நெருக்குண்ணும். விரிசல் இழுபடும் பக்கத்தில் பிறந்து மறுபக்கம் ஓடும். நெருக்குண்ட பக்கத்தை நெருங்கும்போது அது நேராகப் போகாமல் சற்றுச் சுருண்டு, சின்ன உதடுபோல் ஒரு நீட்டலை விட்டுவிடும். பலரும் பழக்கத்தில் கட்டியைப் பள்ளக்கோடு உள்ளே மடங்குமாறு ஒடிப்பார்கள். அப்போது அந்த உதடு முன்பக்கத்தில், கேமரா பார்க்கும் விளிம்பிலேயே வந்து நிற்கும். விளிம்பு பிய்ந்ததுபோல் இருப்பது அதனால்தான்.

அதனால் தலைகீழாகச் செய்தார்கள். 10 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஓர் உருளைக்கம்பியை மேசையில் வைத்து, நடுப்பள்ளம் அதற்கு நேர் மேலே வருமாறு கட்டியைப் பளபளப்பான முகம் மேலே தெரிய வைத்து, இரு முனைகளையும் பேக்கிங் காகிதம் வழியாகக் கீழே அழுத்தினார்கள். பள்ளம் மேல்நோக்கித் திறந்துகொண்டது. விரிசல் பள்ளத்தின் அடியிலேயே பிறந்ததால் முன்விளிம்பு அளவுகோல் வைத்து வெட்டியதுபோல் வந்தது. உதடு பின்பக்கம் போய் மறைந்தது. கம்பி தொட்டது பின்முகத்தை மட்டும். பளபளப்பில் விரல்கூடப் படவில்லை.

பள்ளத்தைக் கத்தியால் கொஞ்சம் கீறிவிட்டால் இன்னும் நேராக ஒடியுமே என்று ஒருவர் சொன்னார். ஒடியத்தான் ஒடியும். ஆனால் கீறிய ஆழம்வரை முகம் வழவழவென்று இருக்கும், அதற்குக் கீழே சொரசொரப்பு. அந்தக் கோட்டைப் பார்த்ததுமே வெட்டியது என்று தெரிந்துவிடும். ஒரு கட்டியில் செய்துபார்த்து விட்டுவிட்டார்கள்.

இந்த முறையில் பத்துக் கட்டிகளை ஒடித்ததில் மூன்று சோடிகள் தேறின. மற்றவற்றில் முகத்தின் நடுவே ஊசிக்கண் அளவு காற்றுக்குழிகள். ஒரே கட்டியின் இரண்டு பாதிகளைத்தான் சேர்த்து வைக்க வேண்டும். ஒரு முகத்தின் மேடு மறுமுகத்தின் பள்ளமாக இருக்கும். வேறு வேறு கட்டியின் பாதிகளைச் சேர்த்தால் பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் பொய் என்று தோன்றிவிடும்.

நிறுத்துவதற்கு ஒவ்வொரு பாதியின் பின்முகத்திலும் 3 மில்லிமீட்டர் கம்பி இரண்டு. ஒன்று மட்டும் வைத்தால் பாதி சுழலும். முதலில் கம்பியைச் சூடாக்கிக் குத்தினார்கள். பின்னால் எதுவும் தெரியவில்லை. ஆனால் பத்து நிமிடம் கழித்து முன்முகத்தில், கம்பிக்கு நேரே, பத்துக் காசு அளவில் ஒரு மங்கல் வட்டம். சூடு ஊடுருவி அந்த இடத்தில் படிகம் கலைந்துவிட்டது. அடுத்த பாதிகளில் கையால் சுழற்றும் துளையூசியில் 4 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் குளிர்ந்த துளை போட்டு, பக்குவமான சாக்லேட் ஒரு சொட்டு விட்டு ஒட்டினார்கள். பத்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டது. பாதிகளுக்கு இடையே மேல்பக்கம் 14 மில்லிமீட்டர் இடைவெளி, ஒவ்வொன்றும் வெளிப்பக்கமாகப் பன்னிரண்டு டிகிரி சாய்வு. அதற்கு மேல் விரித்தால் ஒடிவதுபோல் தெரியவில்லை, ஒடிந்து கிடப்பதுபோல் தெரிந்தது.

பளபளப்பு என்பது எதிரொளிக்கும் ஒளி

கறுப்புச் சாக்லேட்டின் நிறம் கேமராவுக்கு ஏறக்குறைய கறுப்பே. நாம் பார்ப்பதில் பெரும்பகுதி அதில் தெரியும் பிரதிபலிப்பு. எனவே சாக்லேட்டுக்கு ஒளி போடுவது என்றால், அது எதைப் பிரதிபலிக்க வேண்டுமோ அதற்கு ஒளி போடுவது.

கட்டிக்குப் பின்னால், மேலே, 40 சென்டிமீட்டர் தொலைவில், 120க்கு 90 சென்டிமீட்டர் வெள்ளை ஒளிவடித் தாள் ஒன்றைச் சாய்த்துக் கட்டினார்கள். கேமராவிலிருந்து புறப்பட்ட கோடு கட்டியில் பட்டுத் தெறித்து அந்தத் தாளில் போய் முடிய வேண்டும். அதுதான் கோணக் கணக்கு. தாளுக்குப் பின்னால் ஒரே ஒரு ஃபிளாஷ். அதைத் தாளிலிருந்து தள்ளி நடுவில் வைத்தால் தாள் முழுவதும் ஒரே வெள்ளையாகி, கட்டியும் ஒரே சாம்பலாகி, பிளாஸ்டிக் போல் ஆகிவிட்டது. நெருக்கி, மேல்மூலைக்குத் தள்ளியதும் தாளில் ஒளி மேலே பிரகாசமாகத் தொடங்கிக் கீழே இருளில் கரைந்தது. அந்தச் சரிவு அப்படியே சாக்லேட்டில் இறங்கியது. பளபளப்பு என்று மூளை படிப்பது அந்தச் சரிவைத்தான்.

விளிம்புக்கு ஒரு சின்ன வேலை. அச்சில் ஒவ்வொரு சதுரத்துக்கும் சாய்வான ஓரம் இருக்கிறது. இடப்பக்கம் மேசை மட்டத்தில் மூன்று சென்டிமீட்டர் அகல வெள்ளை அட்டை வைத்ததும் அந்தச் சாய்வோரங்கள் எல்லாம் மெல்லிய வெள்ளிக்கோடாக எழுந்தன. வலப்பக்கம் கறுப்பு அட்டை. வெள்ளைக் கோட்டுக்குப் பக்கத்திலேயே கறுப்புக் கோடு இருந்தால்தான் விளிம்பு கூராகத் தெரியும். போலரைசர் வடிகட்டியை யாரும் பூட்டவில்லை. அது பிரதிபலிப்பை நீக்குவதற்கானது, இங்கே பிரதிபலிப்புதான் சரக்கு.

ஒடிந்த முகம் இதற்கு நேர்மாறு. அது சொரசொரப்பானது, எதையும் பிரதிபலிக்காது. அதற்கு மென்மையான ஒளி விழுந்தால் களிமண்போல் தட்டையாகத் தெரியும். பக்கவாட்டில் பதினைந்து, இருபது டிகிரிக் கோணத்தில் உரசிக்கொண்டு போகும் கடின ஒளி ஒன்று வேண்டும். அது பளபளப்பான முகத்தில் விழாமல் மறைக்கச் சாத்தியப்படவில்லை. ஆகவே பளபளப்புக்கு ஒரு படமும் முகத்துக்கு ஒரு படமும், கேமராவையும் கட்டியையும் அசைக்காமல் தனித்தனியே எடுத்தார்கள்.

லென்ஸ் 100 மில்லிமீட்டர் மேக்ரோ, படத்தின் அகலம் 24 சென்டிமீட்டர். சாய்ந்து நிற்கும் கட்டியின் ஆழம் ஆறு சென்டிமீட்டர். பெரிய அச்சுக்கு வேண்டிய கூர்மையில் லென்ஸின் f/8 திறப்பு கொடுக்கும் ஆழம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல்தான். f/22க்குப் போனால் ஆழம் கூடும், ஆனால் அந்தச் சிறிய திறப்பில் ஒளி வளைந்து பரவுவதால் எல்லாமே சற்றுக் குழைந்துவிடும், கூரான விளிம்பு என்ற பேச்சே போய்விடும். ஆகவே f/8இல் ஆறு மில்லிமீட்டருக்கு ஒரு படமாகப் பதினொரு படங்கள் எடுத்து ஒன்றாக்கினார்கள். ஒளி சரிசெய்யும் நேரமெல்லாம் மேசையில் இருந்தது குறையுள்ள ஒரு மாற்றுக் கட்டி. நல்ல கட்டி கடைசி நிமிடத்தில்தான் பெட்டியை விட்டு வெளியே வந்தது. ஃபிளாஷில் எரியும் வழிகாட்டி விளக்கை அணைத்தே வைத்திருந்தார்கள், அதன் சூடு போதும் மேல்பரப்பை இளக்க.

மங்கிய இடத்தில் சூட்டுக்காற்று காட்டினால் பளிச்சென்று ஆகும் என்பது இந்தத் தொழிலில் பரவலான கைமருந்து. ஆகும்தான், மேல்தோல் உருகியதால். அடுத்த சில நிமிடங்களில் அது கீழான படிகமாக உறைந்து முன்பைவிட மங்கும், பள்ளக்கோடுகளின் கூர்மையும் வழிந்துபோகும். மாற்றுக் கட்டி கையில் இருந்தால் அதைத் தொட வேண்டிய தேவையே இல்லை.

தூளை நிறுத்துவது

பளபளப்பும் முகமும் கணினியில் பத்திரமான பிறகே கோக்கோ டப்பா திறக்கப்பட்டது. அதுவரை அந்த டப்பா கூடத்துக்குள்ளேயே இல்லை.

அல்கலி சேர்த்துக் கருமையாக்கிய கரும்பழுப்புக் கோக்கோதான் சாக்லேட்டுக்குப் பொருத்தம் என்று நினைக்கத் தோன்றும். கறுப்புப் பின்னணியில் அது காணாமல் போனது. இயல்பான, செம்பழுப்புக் கோக்கோ பின்னொளியில் பற்றிக்கொண்டு தெரிந்தது. கொழுப்பு 10 முதல் 12 விழுக்காடு உள்ள வகை நல்லது. 20க்கு மேல் உள்ளது கட்டி கட்டியாக விழும். இருந்தும் இங்குள்ள ஈரத்தில் அதுவும் திரண்டுகொண்டது. அடுப்பில் 55 டிகிரியில் அரை மணி நேரம் உலர்த்தி, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் ஆறவிட்டு, இரண்டு தடவை சலித்தபின் தளர்ந்தது.

வெறும் தூள் மட்டும் போட்டால் புகைபோல்தான் தெரியும். அதைத் தூள் என்று கண் நம்புவதற்குப் பொடித்துகள்களும் வேண்டும். துருவிய சாக்லேட்டைச் சல்லடையில் பிரித்து, கோக்கோ மூன்று பங்குக்கு ஒரு பங்கு கலந்தார்கள். ஒரு தடவைக்கு ஒரு தேக்கரண்டி, இரண்டு மூன்று கிராம். 6 மில்லிமீட்டர் சிலிகோன் குழாயை இரு பாதிகளுக்கும் பின்னால், இடைவெளிக்குக் கீழே நிறுத்தி, வாயில் கலவையை நிரப்பி, மறுமுனையில் ரப்பர் ஊதியை அமுக்கினார்கள். வேகமாக அமுக்கினால் ஈட்டிபோல் ஒற்றைக் கீற்று. குழாய் வாயில் சின்னப் பஞ்சுத் துணுக்கு ஒன்றை வைத்துக் குறுக்கியதும் விசிறிபோல் விரிந்தது. எழுந்து சுமார் பத்தில் ஒரு நொடிக்குப் பின் எடுத்தவை அழகாக இருந்தன. அதற்கு முன் கட்டியாக இருந்தது, பின் கலைந்துவிட்டது.

உறையவைப்பதில் ஷட்டருக்கு வேலையில்லை, ஃபிளாஷ் எரியும் நேரமே கணக்கு. 24 சென்டிமீட்டர் அகலத்தை 8256 புள்ளிகளில் பதியும் கேமராவில் ஒரு மில்லிமீட்டருக்கு 34 புள்ளிகள். துகள் நொடிக்கு இரண்டு மீட்டர் போகிறது என்று வைத்தால், 1/2000 நொடியில் அது ஒரு மில்லிமீட்டர் நகரும். அதாவது ஒவ்வொரு துகளும் 34 புள்ளி நீளக் கோடு. 1/10,000 நொடியில் அது ஏழு புள்ளி. சுவரொட்டிக்கு அது போதும். கூடத்தின் பெரிய ஃபிளாஷின் விவரத்தாளில் போட்டிருந்த நேரம் நன்றாகத்தான் இருந்தது, படத்தில் கோடுகள் வந்தன. காரணம், அந்த எண் ஒளி பாதியாகக் குறையும் வரையிலான நேரம், `t0.5`. அதற்குப் பிறகும் வால்போல் ஒளி மிச்சமிருக்கும். பார்க்க வேண்டியது ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையிலான நேரம், `t0.1`. பழைய வகை ஃபிளாஷ்களில் அது கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அதற்குப் பதில் கேமராவின் மேல் மாட்டும் சிறிய ஃபிளாஷ்கள் நான்கைச் சேர்த்துக் கட்டி, ஒவ்வொன்றையும் `1/32` சக்தியில் வைத்தார்கள். சக்தி குறைந்தால் அவை எரியும் நேரமும் குறையும். இரண்டு பின்பக்கம் இடமும் வலமும், இரண்டு மேலே. தூள் பின்னாலிருந்து வரும் ஒளியில்தான் ஒளிரும். முன்னாலிருந்து அடித்தால் மண்போல் கிடக்கும்.

குளிர்சாதனம் ஓடும்போது தூள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அணைத்தால் ஈரம் ஏறியது. ஆறு நிமிடம் அணைப்பு, இருபது நிமிடம் ஓட்டம் என்று முறைவைத்து எடுத்தார்கள். ஒவ்வொரு அணைப்பிலும் ஏழெட்டுப் படங்கள், மொத்தம் 46.

இரண்டு எச்சரிக்கை. மிதக்கும் தூசி புகையறியும் கருவியைக் கிளப்பிவிடும். கட்டட நிர்வாகத்திடம் முன்கூட்டியே சொல்லி, அவர்கள் சொன்ன ஏற்பாட்டின்படியே செய்ய வேண்டும், தானாகப் போய்க் கருவியை மூடக்கூடாது. இரண்டாவது, காற்றில் நிறைந்த கோக்கோ எரியக்கூடியது. இந்த அளவு சில கிராம்தான் என்றாலும் அறையில் சுடர், சூடான ஹாலஜன் விளக்கு எதுவும் கூடாது. ஊதுபவர் முகக்கவசம் போட வேண்டும்.

சேர்ப்பு

பின்னணி கறுப்பாக இருந்ததால் தூள் படங்களைப் படத்தொகுப்பு மென்பொருளின் `Screen` முறையில் மேலே வைக்கலாம், கறுப்பு தானே மறைந்துவிடும். 46இல் ஐந்து பயன்பட்டன. ஆனால் அந்த முறை ஒளியைக் கூட்டும், எதையும் மறைக்காது. பளபளப்பின் வெள்ளைக்கோட்டுக்கு முன்னால் பறக்கும் துகள் உண்மையில் அந்தக் கோட்டை மறைக்க வேண்டும். `Screen` முறையில் துகள் ஊடுருவித் தெரிந்தது. பெரிய துகள்களைத் தனித்தனியே வெட்டி `Normal` முறையில் வைத்த பிறகே சரியானது. சுமார் முப்பது துகள்கள். அரை நாள் வேலை.

முதல் சேர்ப்பைப் பார்த்த நிறுவனத்தார் தூள் காற்றில் இருக்கிறது, கட்டியின்மேல் ஒன்றும் இல்லையே என்றார்கள். சரியான கேள்வி. இவ்வளவு தூள் எழுந்தால் ஒடிந்த விளிம்பின் தோளில் கொஞ்சமாவது படிந்திருக்க வேண்டும். பாதிகள் இன்னும் கம்பியிலேயே நின்றன. தேநீர் வடிகட்டியால் விளிம்பிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் வரை மட்டும் தட்டிவிட்டு, பளபளப்புக்கு வைத்த அதே ஒளியில் இன்னொரு தொகுதி எடுத்தார்கள். தூளற்ற படம் ஏற்கெனவே கையில் இருந்ததால் எவ்வளவு தூள் வேண்டுமோ அவ்வளவை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ள முடிந்தது. வரிசை மாறியிருந்தால் இது நடந்திருக்காது. ஒருமுறை தூள் பட்ட பளபளப்பை எந்தத் தூரிகையும் திரும்பத் தராது, துடைத்த இடம் கீறலாக நிற்கும்.

ஒடிக்காத கட்டிகளில் ஒன்று அதே வைன் பெட்டியில், 17 டிகிரியில், அச்சகத்துக்குப் போனது. நான்கு மை அச்சில் கரும்பழுப்பு எளிதில் கறுப்பாக அடைத்துக்கொள்ளும் அல்லது ஊதா கலந்துவிடும். 5000 கெல்வின் விளக்கின்கீழ் மாதிரித்தாளையும் கட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். முதல் தாளில் ஒடிந்த முகத்தின் சொரசொரப்பு நிழலில் அமிழ்ந்திருந்தது. கறுப்பு மையைக் கொஞ்சம் குறைத்து இரண்டாம் தாள் எடுத்தபோது அது மேலே வந்தது.